பசு கன்று வீசியது: கிளினிக்கா, அரசுப் பணியா, ஆராய்ச்சியா?

கேள்வி: “கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முடித்ததும் கிளினிக் பக்கம் போவதா, அரசுப் பணியா, ஆராய்ச்சியா என்று குழப்பமாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? ஒன்றில் போய்விட்டால் அப்புறம் மாற முடியுமா?”

வருஷக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்வது சுலபம், ஆனால் உங்கள் குழப்பம் அதனால் தீராது. இந்த மூன்று வேலைகளும் ஒரே பிரச்சினையிடம் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. எந்தக் கேள்வியோடு பல வருஷம் வாழ முடியும் என்று பார்ப்பதுதான் தேர்வு. நான் பல வருஷம் பண்ணை மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, பிறகு அரசின் நோய்த்தடுப்புப் பணிக்கு வந்தவன். ஆராய்ச்சியைக் கூட்டாளியாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேனே தவிர, சொந்தமாக ஆய்வகம் நடத்தியதில்லை. நாய், பூனை அறுவை சிகிச்சையில் ஆழமான அனுபவம் கிடையாது. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன்: புருசெல்லோசிஸ், அதாவது சினை மாடு காலத்துக்கு முன்பே கன்றை வெளியே தள்ளிவிடும் கன்று வீச்சு நோய். மூன்று துறைகளையும் தொட்டுச் செல்லும் நோய் இது.

ஏழாம் மாதச் சினையில் ஒரு பசு கன்று வீசிவிட்டது என்று அழைப்பு வருகிறது. நீங்கள் கிளினிக்கில் இருக்கும் மருத்துவர். போய்ச் சேரும்போது இறந்த கன்று தொழுவத்தின் ஓரத்தில் கிடக்கும், நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரர் வெறுங்கையோடு அதை இழுத்துப் பார்த்திருப்பார். முதல் வேலை மாட்டைத் தொடுவது இல்லை, உங்களைக் காத்துக்கொள்வது. தோள்வரை வரும் கையுறை, அதன்மேல் இன்னொரு ஜோடி சின்னக் கையுறை, ஏப்ரன், முகக்கவசம், கண்ணாடி. காரணம் இந்த நோயின் கிருமியான புருசெல்லாவாக இருந்தால் அந்தக் கொடியிலும் கசியும் திரவத்திலும் கிருமி ஏராளமாக இருக்கும். தோலில் உள்ள சின்னக் கீறல், கண், மூச்சு என எந்த வழியாகவும் அது உள்ளே போகும்.

அடுத்து விசாரணை. எத்தனையாவது மாதம், இந்தத் தொழுவத்தில் இதற்குமுன் வேறு மாடு கன்று வீசியிருக்கிறதா, சமீபத்தில் வெளியிலிருந்து மாடு வாங்கினார்களா, சினைப்படுத்தியது காளையா ஊசியா, கிடேரிக் கன்றாக இருந்தபோது தடுப்பூசி போட்டார்களா. சினையின் பிற்பாதியில் கன்று வீசுவதும் நஞ்சுக்கொடி தங்கிவிடுவதும் புருசெல்லாவை நினைக்க வைக்கும். ஆனால் லெப்டோஸ்பைரா, ஐ.பி.ஆர். வைரஸ், நியோஸ்போரா, பூஞ்சை பிடித்த தீவனம் என்று வேறு காரணங்களும் உண்டு. நன்றாக நடத்தப்பட்ட விசாரணைகளில்கூடப் பல நேரம் காரணம் பிடிபடாமலே போகும். பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும், தொழுவத்தில் நிற்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

மாதிரி எடுக்கிறீர்கள்: இறந்த கன்றின் நான்காம் இரைப்பைத் திரவம், நுரையீரல் துண்டு, கொடியில் உள்ள குமிழ் ஒன்று, தாயின் ரத்தம். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். தாயின் ரத்தம் இன்று நெகட்டிவ் என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. கன்று வீசும் சமயத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இன்னும் எழும்பாமல் இருக்கலாம், அதனால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். தங்கிவிட்ட கொடியைக் கைவிட்டு உரித்து எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் வற்புறுத்துவார். செய்யக்கூடாது, கருப்பையின் உள்சுவர் கிழிந்து நிலைமை மோசமாகும். காய்ச்சல் இருக்கிறதா, தீனி எடுக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் கொடுத்து, தானாக விழ விடுவதுதான் சரி. ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகும் டாக்டர் என்று பெயர் வாங்கினாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

இதற்கிடையில் வீட்டுக்காரர் கேட்பது: “பால் கறக்கலாமா? எங்களுக்கு வருமா? மாட்டை வைத்துக்கொள்ளலாமா?” ஆய்வக முடிவு வரப் பல நாள் ஆகும், இந்தக் கேள்விகளுக்குப் பதில் இப்போதே வேண்டும். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக்கூடாது, இந்த மாட்டைத் தனியே கட்டுங்கள், கன்றையும் கொடியையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். கிளினிக் வேலையின் சாரம் இது. பாதித் தகவலை வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதரின் பணத்தையும் பொறுமையையும் கணக்கில் எடுத்து, அரை மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். சொன்னது சரியா தவறா என்பது சில நாளில் உங்கள் கண்முன் தெரிந்துவிடும். இந்த வேகம் சிலருக்கு உயிர், சிலருக்கு இரவில் தூக்கம் போய்விடும். கருணைக்கொலையை வழக்கமான பணியாகச் செய்ய வேண்டியிருப்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பல நாடுகளில் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தனியாக வேலை பார்க்கும் இடமா, மூத்தவர் ஒருவர் கூட இருக்கும் இடமா என்பதைச் சம்பளத்துக்கு முன்னால் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, இப்போது முடிவு பாசிட்டிவ் என்று வந்துவிட்டது, அறிக்கை அரசு அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் கால்நடை மருத்துவருக்கு அந்தப் பசு முக்கியமில்லை என்று சொன்னால் கடுமையாகத் தோன்றும், ஆனால் அவருடைய கேள்வி வேறு. இந்தப் பசு எங்கிருந்து வந்தது? கூட வந்தவை எங்கே போயின? இந்த வட்டாரத்தில் நூற்றுக்கு எத்தனை மாட்டுக்கு இது இருக்கும்? அவர் முதலில் கையில் எடுப்பது ரோஸ் பெங்கால் பரிசோதனை. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு சீரம், அதே அளவு ஆன்டிஜன், அதாவது இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய செத்த புருசெல்லாக் கிருமிகள், இரண்டையும் கலந்து நான்கு நிமிடம் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்து பார்த்தால், திரிதிரியாகத் திரண்டால் பாசிட்டிவ். மலிவானது, வேகமானது. ஆனால் இந்தத் தட்டை நம்பி எத்தனை மாட்டின்மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்பதில்தான் அரசுப் பணியின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். வட்டாரத்தில் 10,000 மாடுகள், உண்மையில் நோய் இருப்பது 100ல் 1, அதாவது 100 மாடுகள். பரிசோதனை நோயுள்ள 100ல் 90ஐப் பிடிக்கிறது, நோயில்லாத 100ல் 2ஐத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. நோயுள்ளவற்றில் 90 பாசிட்டிவ். நோயில்லாத 9,900ல் 198 பாசிட்டிவ். ஆக 288 மாடுகளின் பெயர் பட்டியலில் வருகிறது, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரோக்கியமான மாடுகள். அதே பரிசோதனையை 100க்கு 20 மாட்டுக்கு நோய் உள்ள வட்டாரத்தில் செய்தால் 1,800 சரியான பாசிட்டிவ், 160 தவறான பாசிட்டிவ் வரும், பட்டியல் ஏறக்குறைய நம்பகமாகிவிடும். தட்டும் ஆன்டிஜனும் மாறவில்லை, ஊர்தான் மாறியது. கிளினிக்கில் இருந்தவரைக்கும் இது எனக்குப் பரீட்சைக்குப் படித்த சூத்திரமாகத்தான் இருந்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டு வாசலில் நின்று “இந்த மாட்டை அகற்ற வேண்டும்” என்று சொல்லும்போதுதான், அந்த 198ல் ஒன்று இதுவாக இருக்குமோ என்ற கேள்வி நெஞ்சைப் பிடிக்கும். அதனால்தான் பாசிட்டிவ் வந்தவற்றை எலிசா போன்ற இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்கிறோம்.

அப்புறம் கொள்கை முடிவு. நோய் குறைவாக இருந்து, மாட்டை இழப்பவருக்கு ஈடு கொடுக்கப் பணமும் இருந்தால், பரிசோதித்து அகற்றுவது பலன் தரும். நோய் பரவலாக இருந்தாலோ, மாடுகளை அகற்ற வழியில்லாமல் இருந்தாலோ அது நடக்காது. பாசிட்டிவ் மாட்டைச் சத்தமில்லாமல் அடுத்த சந்தையில் விற்றுவிடுவார்கள், நோய் இன்னும் வேகமாகப் பரவும். அங்கே கிடேரிக் கன்றுகளுக்குச் சின்ன வயதிலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டே போவதுதான் வழி. ஒரு வருஷம் போட்டுவிட்டு மூன்று வருஷம் நிறுத்தினால் செய்ததும் வீண். ஆஸ்திரேலியா 1970ல் தேசிய அளவில் திட்டத்தைத் தொடங்கி 1989ல்தான் மாடுகளில் இந்த நோய் இல்லை என்று அறிவித்தது. ஒருவருடைய பணிக்காலத்தில் பெரும்பகுதி அது. தொடங்கியபோது ரத்தம் எடுத்தவர்களில் பலர் அறிவிப்பு வந்தபோது வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். பலனை நேரில் பார்க்காமல் வேலை செய்ய முடிகிறவருக்குத்தான் அரசுப் பணி ஒத்துவரும். கோப்பு, கூட்டம், சட்டப் பிரிவு, குளிர்சாதனப் பெட்டி வேலை செய்கிறதா என்ற தொலைபேசி விசாரிப்பு எல்லாம் அன்றாட வேலைதான். இவற்றை மருத்துவமே இல்லை என்று நினைக்கிறவர் இரண்டு வருஷத்தில் கசந்துபோவார். தடுப்பூசிக் குப்பி வெயிலில் கெட்டுப்போனால் பத்தாயிரம் கன்றுக்குப் பாதுகாப்பு போய்விடும் என்பது மருத்துவம்தான் என்று நினைக்கிறவர் நிலைப்பார்.

இந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை வருகிறது, ஆராய்ச்சி அங்கேதான் உள்ளே நுழைகிறது. பழைய தடுப்பூசியின் பெயர் எஸ்19. வீரியம் குறைந்த, ஆனால் உயிருள்ள கிருமி. நன்றாகவே வேலை செய்யும். பிரச்சினை என்னவென்றால், தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தமும் ரோஸ் பெங்கால் தட்டில் திரளும், முக்கியமாக வளர்ந்த மாட்டுக்குப் போட்டிருந்தால். நோயால் வந்த எதிர்ப்பொருளா, ஊசியால் வந்ததா என்று தட்டுக்குத் தெரியாது. உறுதி செய்யும் இரண்டாவது பரிசோதனையும் பெரும்பாலும் அதே எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது, அதனால் அதுவும் சேர்ந்தே ஏமாறக்கூடும். தடுப்பூசியும் வேண்டும், பரிசோதனையும் வேண்டும், இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்கின்றன. என்ன செய்வது?

ஆராய்ச்சியாளர் இந்தச் சிக்கலை ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்கினார். பரிசோதனை எதைப் பார்த்துத் திரள்கிறது? கிருமியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலியை. அந்தச் சங்கிலி இல்லாத கிருமியைத் தடுப்பூசியாக்கினால், பாதுகாப்பும் கிடைக்கும், தட்டும் ஏமாறாது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து கலந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, சங்கிலியை இழந்த ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் ஆர்.பி.51. அமெரிக்காவில் 1996ல் அனுமதி கிடைத்தது. கேட்பதற்கு அழகான தீர்வு. ஆனால் அதை உருவாக்கிய வழியே புது வில்லங்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. அந்தக் கிருமிக்கு ரிஃபாம்பிசின் வேலை செய்யாது. மனிதருக்கு இந்த நோய் வந்தால் டாக்சிசைக்ளினோடு வழக்கமாகச் சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளில் ரிஃபாம்பிசினும் ஒன்று. போதாக்குறைக்கு, சங்கிலி இல்லாததால் மனிதருக்கான வழக்கமான ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. 2017ல் அமெரிக்காவில் காய்ச்சாத பால் குடித்தவர்களுக்கு இந்தத் தடுப்பூசிக் கிருமியாலேயே நோய் வந்தது பதிவாகியிருக்கிறது. எந்தத் தடுப்பூசி எவ்வளவு பாதுகாப்பு தருகிறது என்பதில் இன்றும் நிபுணர்கள் ஒரே கருத்தில் இல்லை. எல்லோரும் ஏற்கிற, ஊசியையும் நோயையும் பிரித்துக் காட்டுகிற, மனிதருக்கு ஆபத்தில்லாத தடுப்பூசி இன்னும் தேடலில்தான் இருக்கிறது.

ஆராய்ச்சியின் இயல்பு இதில் தெரியும். ஒரு கேள்வியை வருஷக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டும், கிடைத்த பதில் அடுத்த கேள்வியைப் பெற்றுத் தரும். உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில், பெரும்பாலும் தோற்றுப்போகும் சோதனைகளை, அடுத்த நிதி கிடைக்குமா என்ற கவலையோடு செய்ய வேண்டும். நான் பார்த்த நல்ல ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு குணம் பொதுவாக இருக்கிறது: எதிர்பாராத முடிவு வந்தால் அவர்களுக்கு எரிச்சல் வருவதில்லை, முகம் மலர்கிறது. உங்களுக்கு அப்படி நடக்கிறதா என்று உங்கள் சின்னச் சின்ன ஆய்வகப் பயிற்சிகளிலேயே கவனிக்கலாம்.

இனி வருஷங்கள். அடிப்படைப் பட்டம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் ஒரு வருஷ உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை, பிரிட்டனில் பெரும்பாலும் ஐந்து, ஜப்பானில் ஆறு, அமெரிக்காவில் வழக்கமாக வேறொரு கல்லூரிப் படிப்புக்கு மேல் நான்கு. பட்டம் கையில் வந்ததும் சட்டப்படி மருத்துவர்தான். ஆனால் பண்ணையில் தனியாக விட்டால் தைரியமாகச் சமாளிக்க, மூத்தவர் மேற்பார்வையில் இரண்டு மூன்று வருஷம் வேண்டும் என்பது என் கணிப்பு. அறுவை சிகிச்சை, கண், இதயம் போன்ற சிறப்புப் பிரிவுக்கு அமெரிக்க, ஐரோப்பிய முறையில் ஒரு வருஷப் பயிற்சி, அதன்மேல் சுமார் மூன்று வருஷ ரெசிடென்சி, பிறகு கடுமையான தேர்வு. அரசுப் பணியில் நுழைய அடிப்படைப் பட்டமே பல இடங்களில் போதும். ஆனால் மேலே சொன்ன கணக்குகளை நீங்களே போட்டு வாதாட வேண்டுமானால், நோய்ப்பரவலியலிலோ பொதுச் சுகாதாரத்திலோ ஒன்றிரண்டு வருஷப் படிப்பு பிற்பாடு பெரிய பலம். ஆராய்ச்சிக்கு இரண்டு வருஷ முதுகலை, மூன்று முதல் ஐந்து வருஷ முனைவர் பட்டம், அப்புறம் சில வருஷம் தற்காலிகப் பணி. சொந்தக் கேள்வியைச் சொந்தப் பெயரில் கேட்கும் நிலைக்கு வர, பட்டத்துக்குப் பிறகு பத்து வருஷம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது. சம்பளத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது நாட்டையும் வருஷத்தையும் பொறுத்து மாறுவது, உங்கள் ஊரில் இப்போது வேலையில் இருப்பவரிடம் கேளுங்கள்.

மாற முடியுமா என்றால், முடியும், ஆனால் எல்லாத் திசையிலும் சமமாக இல்லை. கிளினிக்கிலிருந்து அரசுப் பணிக்கு வருவது இருப்பதிலேயே எளிது. வயது வரம்பு உள்ள இடங்களில் அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தொழுவத்தில் வீட்டுக்காரர் ஏன் பொய் சொல்கிறார் என்று தெரிந்தவர் எழுதும் திட்டம் நடைமுறையில் நிற்கும். கிளினிக்கிலிருந்து ஆராய்ச்சிக்கும் போகலாம். நல்ல கேள்வி கையில் இருக்கும், ஆனால் மறுபடி மாணவராகிக் குறைந்த உதவித்தொகையில் வாழ வேண்டியிருக்கும். எதிர்த் திசைதான் கடினம். ஆசனவாய் வழியாகக் கைவிட்டுச் சினை பார்ப்பது, அறுவை செய்வது, மயக்கமருந்தின் அளவை ஒரு பார்வையில் தீர்மானிப்பது எல்லாம் கைப்பழக்கம். ஐந்தாறு வருஷம் விட்டால் மழுங்கிவிடும். திரும்பக் கற்கலாம், ஆனால் நாற்பது வயதில் புது ஆளாக நிற்கும் மனசு வேண்டும்.

இதனால்தான் நான் கேட்பவர்களிடம், தீர்மானம் வரவில்லையென்றால் முதல் இரண்டு வருஷம் நல்ல மூத்தவரோடு பண்ணை மாடும் நாய், பூனையும் வரும் கலப்பு கிளினிக்கில் இருங்கள் என்று சொல்கிறேன். இது என் கருத்து, நிரூபணம் இல்லை. என் ஆராய்ச்சி நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேள்வி ஏற்கெனவே மனதில் எரிந்துகொண்டிருக்கும் மாணவரை இரண்டு வருஷம் தாமதப்படுத்துவது வீண் என்பார்கள். அப்படிப்பட்ட மாணவராக நீங்கள் இருந்தால் அவர்கள் சொல்வதே சரி. மூன்றையும் கலந்து செய்யும் இடங்களும் உண்டு: பல்கலைக்கழக மருத்துவமனை, அரசின் நோயறிதல் ஆய்வகம். குறிப்பாக நோயறிதல் ஆய்வகத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. காலையில் ஒரு பண்ணையின் மாதிரியைத் திறந்து பார்த்து, மதியம் வட்டாரத்தின் வரைபடத்தில் புள்ளி வைத்து, மாலையில் ஏன் இந்த முறை பரிசோதனை ஏமாந்தது என்று யோசிக்கும் வேலை அது.

படிப்பில் மீதமுள்ள காலத்தில் ஒன்று செய்யுங்கள். பயிற்சியில் ஒரு கன்று வீச்சு வரும், அல்லது அதைப் போன்ற வேறொன்று வரும். மாதிரி எடுத்துக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், முடிவு வரும்வரை அதைப் பின்தொடருங்கள். ஆய்வகத்தில் போய் நின்று பாருங்கள், அது எந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது, அங்கே என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். முடிவு கைக்கு வந்த கணத்தில் உங்களுக்கு முதலில் எழுந்த கேள்வி என்ன என்று குறித்து வையுங்கள். அந்தப் பசு இப்போது எப்படி இருக்கிறது என்பதா, மற்ற மாடுகளுக்கும் இருக்குமா என்பதா, இந்த முடிவை எந்த அளவு நம்பலாம் என்பதா. நாலைந்து தடவை குறித்தால் ஒரு சாய்வு தெரியும். வேலை எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் யாரும் பொதுவாகத்தான் பதில் சொல்வார்கள். மூன்று துறையிலும் ஒருவரைப் பிடித்து, நேற்று காலை முதல் மாலைவரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

எந்தப் பக்கம் போனாலும், மருத்துவமனைப் பயிற்சி தொடங்குமுன் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பது இரண்டு தவணை, ஒரு வார இடைவெளியில். புருசெல்லாவுக்கு மனிதருக்கான தடுப்பூசி வழக்கத்தில் இல்லை. கன்று வீசிய மாட்டைத் தொட்டிருந்தாலோ, எஸ்19 ஊசி தவறிக் கையில் குத்தியிருந்தாலோ உடனே மேற்பார்வையாளரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள், நோய் வருவதற்கு முன்பே மருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி என்று எது வந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே “நான் கால்நடை மருத்துவ மாணவன்” அல்லது “மாணவி” என்று சொல்லுங்கள். எந்தத் தடுப்பூசியைக் கையாண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டைபாய்டு, காசநோய் என்று மாதக்கணக்கில் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.